பின்பக்கம் எழுதிய ஒரு கடிதம்

(நமது டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பநலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி–பதில் பகுதி சுருக்கப்பட்டுள்ளது.)



அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இன்று நான் நீண்ட பயான் எதுவும் செய்யப் போவதில்லை. ஒரு கடிதத்தை வாசிக்கப் போகிறேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர், ஊரில் இருக்கும் தம் மனைவிக்கு எழுதியது. அவர் என்னிடம் ஆலோசனை கேட்டதால் இது எனக்குத் தெரிய வந்தது. அவருடைய அனுமதி மட்டும் போதாது என்பதால், என் மனைவி மூலமாக அந்தச் சகோதரியிடமும் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே இங்கு வாசிக்கிறேன். ஊர், உறவு, வேலை விவரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள். தேடினால் தவறான வீட்டைத்தான் சுட்டிக்காட்டுவீர்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சகோதரிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு பிள்ளைகள். கூடவே மாமியாரும் இருக்கிறார். ஏறக்குறைய எட்டு மாதமாக அவருக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும். மூச்சு முட்டும், விரல் நுனியெல்லாம் மரத்துப் போகும், இப்போதே மவுத்து வந்துவிடும் என்று தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் நாள் முழுக்க இருக்கும். மூன்று முறை இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்று முறையும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த "ஒண்ணுமில்லை" என்ற வார்த்தை நம் வீடுகளில் செய்யும் வேலை இருக்கிறதே! டாக்டர் சொன்னது, இதயத்தில் ஒன்றுமில்லை என்று. வீட்டார் கேட்டது, இவள் நடிக்கிறாள் என்று. அந்தச் சகோதரி கேட்டது, எனக்கு என்ன வியாதி என்று யாருக்குமே தெரியவில்லை என்று. ஒரே வார்த்தையை மூன்று விதமாக எடுத்துக்கொண்டு எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் நமது மருத்துவ முகாம்களுக்கு வரும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்யும் ஓர் எச்சரிக்கை மணி நம் எல்லாருக்குள்ளும் அல்லாஹ் வைத்திருக்கிறான். பாம்பைப் பார்த்தால் அது அடிக்க வேண்டும். சிலருக்குப் பாம்பு இல்லாமலேயே அடிக்கிறது. மணி அடித்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வேகமாக வாங்கும். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்துவிடுகிறது. விரல் மரத்துப் போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். ஆக, மரத்துப் போனது உண்மை, படபடப்பும் உண்மை. ஆபத்து மட்டும்தான் அங்கே இல்லை. நடிப்பு என்று சொல்ல இதில் ஒன்றுமே கிடையாது.

இப்போது அந்தச் சகோதரருக்கு வருவோம். மனைவியை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போனில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முதல் முறை, "எனக்குப் பைத்தியம்னு சொல்றீங்களா மச்சான்?" என்று அழுதார். இரண்டாம் முறை போனை வைத்துவிட்டார். அதன் பிறகுதான் கடிதமாக எழுதினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குப் போனில் வாசித்துக் காட்டினார்.

முதலில் எழுதிய அந்தக் கடிதத்திலும் அன்பு இருந்தது. ஆனால் அவர் அறியாமலே அதில் குற்றச்சாட்டும் கலந்திருந்தது. சில வரிகளைச் சொல்கிறேன், நம் வீட்டிலும் இவை புழங்குகின்றனவா என்று பாருங்கள்.

"உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? சொந்த வீடு இருக்கிறது, மாதாமாதம் பணம் வருகிறது." உன்மீது எனக்கு அக்கறை உண்டு என்று சொல்லத்தான் அவர் இதை எழுதினார். படிக்கிறவருக்கு எப்படிக் கேட்கும்? இவ்வளவு கொடுத்தும் நீ நன்றி இல்லாதவள் என்று கேட்கும். "பிள்ளைகளுக்காகவாவது டாக்டரைப் பார்." நான் பிள்ளைகளைக் கெடுக்கிறேனோ என்று ஏற்கனவே இரவெல்லாம் மருகுகிற ஒரு தாய்க்கு, ஆமாம், கெடுக்கத்தான் செய்கிறாய் என்று சொல்வது போல ஆகிவிடும். "உம்மாவும் அதைத்தான் சொன்னார்கள்." என் முதுகுக்குப் பின்னால் தாயும் பிள்ளையும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் அவர் காதில் விழாது. அப்புறம், "பயப்படாதே" என்ற வார்த்தை. ஒரு பக்கக் கடிதத்தில் ஏழு இடத்தில் இருந்தது. எண்ணிச் சொன்னேன். பயப்படாமல் இருக்க அந்தப் பெண்ணால் முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லையே!

இன்னொரு வரி: "மனநல டாக்டரைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்." இதில் இரண்டு சிக்கல். எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி அவர் கையில் இல்லை. அடுத்து, முதல் அடியிலேயே அந்தச் சகோதரி மிகவும் அஞ்சுகிற வார்த்தையைத் தூக்கி வைத்துவிட்டார். எட்டு மாதம் தைராய்டு கூடப் பரிசோதிக்காத ஒருவருக்கு அது முதல் அடியும் அல்ல.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி எழுதினார். அதைத்தான் வாசிக்கப் போகிறேன். பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகளும் உம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுகிறார்கள். அல்லது நான் அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நீ உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாக இருந்து படி.

போன லீவில் நாற்பத்திரண்டு நாள் உன்னோடு இருந்தேன். என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நீ எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்றாய். உன் கையைப் பிடித்துப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. அந்தக் கை பொய் சொல்லவில்லை. நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆஸ்பத்திரியில் ஒண்ணுமில்லை என்றார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், அல்ஹம்துலில்லாஹ். உனக்குக் கஷ்டமே இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

நீ பஸ் ஏறுவதை விட்டுவிட்டாய் என்பதையும் பார்த்தேன். ராத்தா மகள் நிச்சயத்துக்கு, புதுச் சேலை எடுத்து வைத்தும் நீ போகவில்லை. ஸ்கூல் வேன் பத்து நிமிஷம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாய். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் ஒரு நாளும் சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போகவில்லை. உம்மாவின் சுகர் மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. இவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு இதையெல்லாம் நீ எப்படிச் செய்கிறாய் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. நீ செய்த எதனாலும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. என் தொழுகையில் குறை இருக்கும், அதனால்தான் என்று ஒரு தடவை சொன்னாய். உன் பெயரைச் சொல்லாமல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். நோய் வருவது ஈமான் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்றார். அவர் ஓதிக் கொடுத்த தண்ணீரை நீ நிறுத்த வேண்டாம். நீ ஓதுவதையும் ஓது. கூடவே ஒன்று மட்டும் கேட்கிறேன்.

ஒரு முறை டாக்டரைப் பார்ப்போம். ஒரே ஒரு முறை. நம் பிள்ளைகளுக்குப் பார்க்கிற லேடி டாக்டரே போதும். ரத்தம் எவ்வளவு இருக்கிறது, தைராய்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும். வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னால், போவதா வேண்டாமா என்று அப்போது நாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யலாம். அதற்கு இப்போது நீ சம்மதம் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸில் போக வேண்டாம். நமக்குத் தெரிந்த ஆட்டோவைச் சொல்கிறேன், வெளியே காத்திருப்பார். சனிக்கிழமை எனக்கு லீவு. நீ போகிற நேரம் முழுக்க போன் என் கையில் இருக்கும். ராத்தா கூட வந்தால் உனக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் நான் ராத்தாவிடம் பேசவில்லை. உம்மாவுக்கும் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும். டாக்டர் ரூமுக்குள் தனியாகப் போவதா, யாராவது கூட வருவதா என்பதும் உன் இஷ்டம்.

அங்கே போய் உட்கார்ந்ததும் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிடும் என்பாய். இந்தக் கடிதத்தின் பின்பக்கம் நான் பார்த்ததை வரிசையாக எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் அடித்துவிட்டு நீ திருத்து. இதைக் கிழித்து டாக்டர் கையில் கொடுத்தால் போதும், நீ பேசக்கூட வேண்டாம்.

இப்போது வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல். கோபப்பட மாட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை கேட்பேன், அவ்வளவுதான். நீ எனக்குப் பாரம் இல்லை. நீ தூங்காத ராத்திரி எனக்கும் தூக்கம் வருவதில்லை, அதனால் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்."

இவ்வளவுதான் கடிதம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. அந்தப் போனில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள், மாமியார் மகனோடு பேசுகிறார். ஊருக்கு வந்த நண்பரிடம் கவரை ஒட்டிக் கொடுத்தனுப்பினார்.

இனி பின்பக்கத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முன்பக்கத்தைவிட அதுதான் அதிக வேலை செய்தது. அதில் என்ன இருந்தது? எந்த மாதத்திலிருந்து இது இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் நிற்கிறது. தூங்கப் போவது எத்தனை மணி, விழிப்பது எத்தனை மணி. ஒரு நாளைக்கு எத்தனை டீ. முன்பு செய்து, இப்போது செய்யாமல் விட்டவை எவை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், மெடிக்கலில் சொந்தமாக வாங்கியது உட்பட. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா. கடைசி வரியை மட்டும் காலியாக விட்டு, "மாதவிடாய் பற்றி நீயே எழுதிக்கொள்" என்று எழுதியிருந்தார்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பதற்றத்தோடு இருக்கும் ஒரு பெண், "படபடன்னு வருது டாக்டர்" என்று மட்டும் சொன்னால், ஒரு ஈ.சி.ஜி.யும் ஒரு வைட்டமின் மாத்திரையும்தான் கிடைக்கும். எட்டு மாதம், வாரம் மூன்று தடவை, பஸ் ஏறுவதில்லை, மூன்று மணி நேரம்தான் தூக்கம் என்று தாளில் இருந்தால் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்.

சரி, என்ன நடந்தது? நான்கு நாள் பதிலே இல்லை. சகோதரர் எனக்கு இரண்டு தடவை போன் செய்து, கேட்கட்டுமா என்றார். வேண்டாம், இரண்டு வாரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். ஐந்தாம் நாள் ஒரு சிறிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ராத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." அவ்வளவுதான் இருந்தது அதில்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9 சொச்சம் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. ரத்தச் சோகை இருந்தாலும் படபடப்பும் இளைப்பும் வரும், அதனால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஆனால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இது ரத்தச் சோகை மட்டுமல்லம்மா, பதற்ற நோயும் இருக்கிறது, இதற்கென்று உள்ள டாக்டரை ஒரு தடவை பாருங்கள் என்று அவரே சொன்னார். கணவர் சொல்லாமல் விட்ட வார்த்தையை, நம்பிக்கைக்குரிய ஒரு டாக்டர், உடம்பைத் தொட்டுப் பரிசோதித்த பிறகு சொன்னார். அந்தச் சகோதரிக்கு அது வேறு மாதிரி கேட்டது. மூன்று வாரம் கழித்து மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ராத்தாவோடு போனார்.

அங்கே கொடுத்தது ஒரு மாத்திரை, ஒரு பயிற்சி. மாத்திரையின் பெயரைச் சொன்னால் நாளை நீங்கள் மெடிக்கலில் கேட்பீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் வேலை செய்வதல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடும். இதைத் தெரியாதவர்கள் ஐந்தாம் நாளே, "இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறையச் சிகிச்சைகள் இந்த இடத்தில்தான் அறுந்து போகின்றன. அந்த டாக்டர் இதை முன்கூட்டியே சொன்னார், குறைந்த அளவில் ஆரம்பித்தார். அதனால் முதல் வாரத்தைத் தாண்டினார். பலன் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இதை, மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்குகிற தூக்க மாத்திரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை நாள்பட விழுங்கினால்தான் அது இல்லாமல் இருக்க முடியாத பழக்கம் வரும். "மனநல மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம்" என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது.

பயிற்சி என்பது, பயந்து விட்டுவிட்டதைச் சிறுகச் சிறுக மீட்பது. முதல் வாரம், பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் ஒரு ஸ்டாப் தூரம், ராத்தாவோடு. பிறகு அதே தூரம் தனியாக. நடுவில் படபடப்பு வந்தால் இறங்கி ஓடாமல், அது ஏறி இறங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அது தானே இறங்கும் என்பதை உடம்பு பாடமாகப் படிக்க வேண்டும், அதற்குத்தான் இது.

இந்த இடத்தில் கணவருக்கும் ஒரு வேலை வந்தது. அவருடைய மனைவி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போன் செய்து, "நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். இவரும் ஒவ்வொரு தடவையும், நன்றாக இருக்கிறேன் என்பார். அன்புதானே என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தப் பதில் தரும் நிம்மதி அரை மணி நேரம்தான். பிறகு முன்னைவிடக் கூடுதலாகக் கேட்கத் தோன்றும். இதையும் பட்டென்று வெட்டிவிடக் கூடாது. போனை எடுக்காமல் விட்டால் அது தண்டனை. டாக்டர் சொன்னபடி இருவரும் பேசி, காலை, லுஹருக்குப் பின், இரவு என்று மூன்று நேரம் வைத்துக்கொண்டார்கள். இடையில் கேட்கத் தோன்றினால் ஒரு தாளில் குறித்து வைத்து, அந்த நேரத்தில் கேட்பது. முதல் பத்து நாள் இரண்டு பேருக்குமே சிரமமாகத்தான் இருந்திருக்கிறது. போனை எடுத்து எடுத்து வைத்தது நான்தான் என்றார் சகோதரர்.

நான்கு மாதம் ஆகிறது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஒரு இரவு வந்திருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்து, ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு இருந்தாராம். இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டார். ராத்தா மகள் நிகாஹ்வுக்கு பஸ்ஸில் போய் வந்தார், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் பரப்பிவிடாதீர்கள். இதில் வேலை செய்த வரிகளெல்லாம் நாற்பத்திரண்டு நாள் பார்த்துக் குறித்த வரிகள். ஸ்கூல் வேனும் சுகர் மாத்திரையும் அந்த வீட்டுக்குரியவை. நீங்கள் எழுதுவதானால் உங்கள் வீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. வாழ்ந்து என்ன பயன், செத்துவிடலாம் என்கிற பேச்சு வந்தால், பிரசவமான வீட்டில் தாய் தூங்காமல், சாப்பிடாமல், சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். அதேபோல நெஞ்சுவலி முதல் முறை வரும்போது, இது பதற்றம்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். இதயத்தைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது டாக்டர்.

இப்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள்.

"மனநோய்க்கு மருந்து சாப்பிடுவது தவக்குலுக்கு மாற்றமில்லையா?" கிராமத்து அரபிகள் சிலர் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதும் அபூதாவூத், திர்மிதியில் வருகிறது. அதில் உடல் நோய்க்கு மட்டும் என்று பிரிக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், ஹிஜ்ரி 322-ல் வஃபாத்தானவர். உடலின் நலம், உள்ளத்தின் நலம் இரண்டையும் பற்றி ஒரே நூல் எழுதினார். பயத்துக்கும் கவலைக்கும் வஸ்வாஸுக்கும் அதில் தனித்தனி அத்தியாயம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மவர்கள் வெட்கப்படாமல் எழுதிய விஷயம் இது. இன்று கிளினிக் வாசலில் நாம் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

"நோன்பு வைக்கலாமா?" தினமும் ஒரு வேளை சாப்பிடும் மாத்திரையானால் இஃப்தாருக்குப் பிறகோ சஹரிலோ மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கும். ரமளானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்புக்காக நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றலும் பழைய பதற்றமும் திரும்பும். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

"டாக்டரிடம் போனது பதிவாகி, பின்னால் தலாக் பேச்சில் காரணமாகக் காட்டுவார்களே?" இதை எழுதிய சகோதரியின் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்துகளில் நானே இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டிருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது உங்கள் உரிமை. அதனால்தான் அந்தக் கடிதத்தில், உம்மாவுக்குத் தெரியாது, நீ சொன்னால்தான் தெரியும் என்ற வரி இருந்தது. கணவன்மார்கள் அந்த வரியை எழுதினால் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

"செலவு?" மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் அங்கேயே இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாளில் டாக்டர் வருகிறார். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேளுங்கள். போகவே தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசிச் சீட்டு: "என் வீட்டில் இப்படி இருப்பது நான் இல்லை, என் கணவர். நான் எழுதலாமா?" தாராளமாக எழுதலாம் சகோதரி. ஆண்களில் சிலருக்கு இது படபடப்பு என்று வெளியே வராது, எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் சிகரெட்டாகவும் வரும். பின்பக்கத்தில் அவற்றைக் குறியுங்கள். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அதையும் கவரில் சேர்த்து வையுங்கள், அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.